நவநீதனுக்கு எத்தனை சூரியன் நிறை

பவழக்கரை வித்யாலயாவின் தாளாளர் தெட்சிணாமூர்த்தியின் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. கபடிக்கு நாலு கோப்பை, கோலத்துக்கு ஒரு கேடயம், திருக்குறள் ஒப்புவித்தலுக்கு ஒரு வெண்கல மயில், எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். அட்மிஷனுக்கு வந்த ஒரு தகப்பனார் அலமாரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சயின்ஸ்ல ஒண்ணும் வாங்கலீங்களா?" என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல் பையனை வேறு பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அன்று முதல் தெட்சிணாமூர்த்திக்கு அறிவியலின் மேல் தீராத ஆர்வம் பிறந்தது.

இயற்பியல் ஆசிரியை தேவிகாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, மாவட்ட அறிவியல் நாடகப் போட்டின்னு நோட்டீஸ் வந்திருக்கு. நாம கலந்துக்கறோம். கோப்பை வாங்கறோம். நாடகம் என்னன்னு நீங்க பாத்துக்குங்க."

தேவிகா வரிச்சிக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவள். எட்டு வருஷமாக ஒளிவிலகலும் ஓம் விதியும் நடத்தி நடத்தி, பாடம் அவள் வாயில் தானாக ஓடும். ஆனால் அவளுக்கு உண்மையாகவே பிடித்த பாடம் ஒன்பதாம் வகுப்புத் துணைநூலில் கடைசியில் இருந்தது. விண்மீன்களின் வாழ்க்கை. தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது என்பதால் அதை யாரும் நடத்துவதில்லை, யாரும் படிப்பதில்லை. அந்தப் பக்கங்கள் மட்டும் எல்லாப் பிள்ளைகளின் புத்தகத்திலும் புத்தம் புதிதாக இருக்கும்.

அதையே நாடகமாக எழுதினாள். ஒரே வாயு மேகத்தில் மூன்று விண்மீன்கள் பிறக்கின்றன. ஒன்று நம் சூரியனைப் போல இருபத்தைந்து மடங்கு நிறை உள்ளது. ஒன்று சூரியன் அளவு. ஒன்று சூரியனில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, சிவப்புக் குள்ளன். மூன்றும் ஒரே ஹைட்ரஜனைத்தான் எரிக்கின்றன. ஆனால் பிறக்கும்போது எவ்வளவு நிறையோடு பிறந்தது என்பதுதான் எது எப்படி வாழும், எப்படி முடியும் என்று தீர்மானிக்கிறது. நாடகம் அவ்வளவுதான்.

ஆள் தேர்வில் அவளுக்குச் சிரமமே இருக்கவில்லை. கருக்களாச்சேரி வினிதாவுக்குக் கடற்கரையில் நின்று படகைக் கூப்பிடுகிற குரல். அவள்தான் பெரிய விண்மீன். விஷ்ணுப்ரியா நிதானமானவள், சூரியன். நவநீதன் பேசினால் பக்கத்துப் பெஞ்சுக்கே கேட்காது. மேடை என்றாலே ஒதுங்கிவிடுவான். அவன் சிவப்புக் குள்ளன். வசனம் கிடையாது. நாடகம் முழுக்க ஓரமாக ஒரு சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். நவநீதன் அதைக் கேட்டு முதல் முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தான்.

இரண்டு நாள் கழித்துத் தாளாளர் மறுபடி கூப்பிட்டார். அவருக்கு எதிர்நாற்காலியில் பெற்றோர் சங்கத் தலைவர் முருகானந்தம் உட்கார்ந்திருந்தார். நவநீதனின் அப்பா. ஊரைச் சுற்றிலும் மனை போட்டு விற்பவர். வயலில் கல் ஊன்றி அதற்கு 'நகர்' என்று பெயர் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"இந்த நாடகத்துல எதும்மா பெரிசு?" என்று தாளாளர் கேட்டார்.

"நிறை அதிகமா உள்ள விண்மீன் சார். இருபத்தஞ்சு சூரியன் நிறை."

"அதைத் தம்பிக்குக் குடுத்துடுங்க."

"சார், நவநீதன் கொஞ்சம் கூச்ச சுபாவம்…"

"கூச்சத்தைப் போக்கறதுக்குத்தானேம்மா பள்ளிக்கூடம்" என்றார் தாளாளர். எட்டு வருஷத்தில் அவர் கல்வியைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

முருகானந்தம் கைகூப்பினார். "மிஸ், ட்ரெஸ் செலவெல்லாம் எம் பொறுப்பு. அந்த ஸ்டார் என்ன கலர்?"

"நீலம் சார். ரொம்பச் சூடா இருக்கறது நீலமாத்தான் தெரியும். சிவப்புதான் இருக்கறதுலயே சூடு கம்மி."

"நீலம். பேஷ். அதுல ஜிகினா வெச்சிடலாம்."

கும்பகோணத்தில் நாடக உடுப்புக்காரரிடம் சொல்லி நீலத்தில் ஒரு அங்கி வந்தது. தரையைத் தொட்டு இரண்டு முழம் பின்னால் இழுபடும். அதைப் போட்டுக்கொண்டு நவநீதன் நின்ற நிலையைப் பார்த்துத் தேவிகாவுக்கு மனசு கேட்கவில்லை. சிவப்பு விளக்கு வினிதாவின் கைக்குப் போயிற்று. அவள் அதைத் தேங்காய் மூடியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, வசனமில்லாத வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒத்திகை பார்க்க முருகானந்தம் தன் மைத்துனன், சகலை, வீடியோக்காரர் சகிதமாக வந்து முன்வரிசையில் அமர்ந்தார். மேகம் சுருங்கியது. நடுவில் சூடு ஏறி ஒரு கோடி டிகிரியைத் தொட்டதும் அணுக்கரு இணைவு தொடங்கியது. மூன்று விண்மீன்களும் எழுந்தன. நவநீதன் யாருக்கும் கேட்காத குரலில் "நானே பெரியவன்" என்றான். மற்ற பிள்ளைகள் அவனைச் சுற்றி வந்து ஹீலியம், கார்பன், ஆக்ஸிஜன், சிலிக்கான் என்று நிறத்துக்கொரு துணியாகப் போர்த்தினார்கள். கடைசியில் இரும்பு என்று ஒரு சாம்பல் துணி வந்தது. ஜாலரா ஒலித்தது. நவநீதன் பொத்தென்று உட்கார்ந்தான். வண்ணக் காகிதங்கள் பறந்தன. மேலே கருந்துளை என்று ஒரு கறுப்புத் துணி விழுந்தது.

நாடகம் அப்புறமும் இருபது நிமிஷம் ஓடியது. கறுப்புத் துணி எழவேயில்லை.

மறுநாள் தாளாளர் அறையில் முருகானந்தம் நின்றுகொண்டே பேசினார்.

"நாலே நிமிஷம் மிஸ்! நாலு நிமிஷத்துல எம் புள்ளைய முடிச்சிட்டீங்களே! அவனுக்கு மேல போர்வையப் போத்தி… எங்க சகலை என்ன நெனப்பாரு?"

"சார், கணக்குப்படி பாத்தா நாலு நிமிஷமே அதிகம். சூரியனோட மொத்த ஆயுசு சுமார் ஆயிரம் கோடி வருஷம். அதை நாம இருபத்தஞ்சு நிமிஷமா வெச்சிருக்கோம். இந்தப் பெரிய விண்மீன் எழுபது லட்சம் வருஷம்தான் இருக்கும். அந்தக் கணக்குல மேடைல ஒரே ஒரு விநாடி."

"ஒரு செகண்டா?" முருகானந்தம் உட்கார்ந்துவிட்டார்.

தாளாளர் சமாதானமாக, "ஏம்மா, பெரிசுன்னா நெறைய நாள் இருக்கணும் இல்லையா? அதுதானே முறை?" என்றார்.

"இல்லீங்க சார். எரிபொருள் இருபத்தஞ்சு மடங்கு இருக்கு, நெசம்தான். ஆனா அவ்வளவு நிறையும் நடுவுல போய் அமுக்குது. அந்த அமுக்கத்துல நசுங்காம நிக்கணும்னா நடுப்பகுதி ரொம்பச் சூடா இருக்கணும். சூடு ஏற ஏற இணைவு வேகம் தாறுமாறா ஏறும். சூரியனைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமா எரிச்சுத் தள்ளிடும்." அவள் ஜன்னலுக்கு வெளியே முருகானந்தத்தின் காரைக் காட்டினாள். "உங்க கார்ல டேங்க் பெருசு. என் ஸ்கூட்டில சின்னது. ஒரு தடவை ரொப்பினா யாருக்கு அதிக நாள் வருது?"

முருகானந்தம் தன் காரைச் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு வியாபாரத்துக்கு வந்தார். நிலத்தில் பேரம் பேசிப் பழகிய மனிதர், வானத்தில் மட்டும் விட்டுவிடுவாரா?

"சரி, நாப்பதா ஏத்துங்க."

"ஏத்தினா இன்னும் சீக்கிரம் முடியும் சார். அவ்வளவு நிறையில சில விண்மீன் வெடிக்கக்கூட வெடிக்காதுன்னு சொல்றாங்க. அப்படியே சத்தமில்லாம உள்ள சரிஞ்சு கருந்துளை ஆயிடும். காகிதம்கூடப் பறக்காது."

"அப்பக் கொறைங்க. பதினஞ்சு வைங்க."

"பதினஞ்சுன்னாலும் வெடிக்கும். ஆனா கருந்துளை ஆகாது. நியூட்ரான் விண்மீன் ஆகும். காரைக்கால் அளவுதான் இருக்கும், அதுக்குள்ள சூரியனைவிட அதிக நிறை."

"காரைக்கால் அளவா? இங்க இருந்து திருநள்ளாறு வரைக்குமா?"

"அதையும் தாண்டி. இருபது கிலோமீட்டர் இருக்கும் சார்."

முருகானந்தம் இதைச் சற்று நேரம் யோசித்தார். மனைக்கணக்காக யோசிக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "வேணாம். ஏழு?"

"எட்டுக்குக் கீழ வந்தா வெடிப்பே கிடையாது சார். உப்பிச் சிவந்து, மேல இருக்கற வாயுவையெல்லாம் மெள்ள உதிர்த்துட்டு, நடுப்பகுதி மட்டும் வெள்ளைக் குள்ளனா மிஞ்சும். பூமி அளவு. அப்பறம் ஆறிக்கிட்டே இருக்கும்."

"குள்ளனா?"

"ஆமா சார். சூரியனுக்கும் கடைசில அந்தக் கதிதான்."

"சூரியனா?" என்று தாளாளர் அதிர்ந்தார். தினமும் காலையில் அவர் கும்பிடுகிற ஆள். "எப்பம்மா?"

"இன்னும் ஐநூறு கோடி வருஷம் இருக்கு சார்."

"அப்ப இந்தக் கல்வியாண்டுல இல்ல" என்று அவர் ஆறுதலடைந்தார்.

முருகானந்தம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். பேரத்தில் அனுபவசாலிகள் கேட்கிற கேள்வி. "மிஸ், எத்தனை சூரியன் வெச்சா எம் பையன் கடைசி வரைக்கும் மேடைல இருப்பான்?"

"பத்துல ஒரு பங்கு. சிவப்புக் குள்ளன். சொட்டுச் சொட்டா எரியும். உள்ளுக்குள்ள கலக்கிக்கிட்டே இருக்கறதால அடி வரைக்கும் எரிபொருளைத் தீத்துக்கும். லட்சக்கணக்கான கோடி வருஷம் வரும். அண்டம் பிறந்தே ஆயிரத்து முன்னூத்தி எம்பது கோடி வருஷம்தான் ஆகுது, அதனால அந்த வகையில இன்னும் ஒண்ணுகூட செத்ததில்லை."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட."

"அதையே குடுங்க" என்றார் முருகானந்தம். "ஆனா பேர மாத்துங்க. குள்ளன்னு வேணாம். 'சிவப்புச் செல்வன்'."

பெயரில் தேவிகா விட்டுக்கொடுக்கவில்லை. நடுவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள் என்று சொன்னதும் தாளாளர் அவள் பக்கம் சாய்ந்தார். ஆக, மூன்று நாள் கலவரத்துக்குப் பிறகு நவநீதன் அவள் முதலில் உட்கார வைத்த அதே ஓரத்தில் போய் அதே விளக்கோடு உட்கார்ந்தான். அவனுடைய அப்பா அதை ஒரு வெற்றியாகச் சகலையிடம் சொல்லிக்கொண்டார்.

நீல அங்கி வினிதாவுக்குப் போயிற்று. அடுத்த நாளே அவளுடைய அம்மா அமிர்தம் வந்து நின்றாள். கருக்களாச்சேரியில் ஏலத்தில் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்கிறவள். அவள் வாய்க்கு ஏலக்காரர்களே கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள்.

"டீச்சர், பெரிய எடத்துப் புள்ள சாவக் கூடாது, எம்மவ மட்டும் சாவலாமா? அவ அப்பா கடலுக்குப் போயிருக்கற நேரம். வெடிச்சுச் செதறுதுன்னு வேற சொல்றா. நல்லாவா இருக்கு?"

தேவிகா அவளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

"சாவுன்னு ஏங்க நெனைக்கிறீங்க? அந்த மாதிரி விண்மீன் வெடிக்கலேன்னா நாமளே இல்ல. நாம மூச்சு விடற ஆக்ஸிஜன், நீங்க விக்கிற மீனோட முள்ளுல இருக்கற சுண்ணாம்புச் சத்து, எல்லாம் அந்தப் பெரிய விண்மீனுங்க வயித்துக்குள்ள வெந்தும், வெடிக்கறப்ப உண்டாகியும் வெளிய வந்ததுதான். அந்தச் சிவப்புக் குள்ளன் உயிரோட இருக்கும், சரி. ஆனா யாருக்கும் ஒண்ணும் குடுக்காது."

அமிர்தம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "வெடிக்கறப்ப எத்தனை பேரு பாப்பாங்க?" என்று கேட்டாள்.

"நிஜத்துல வெடிச்சா ஒரு விண்மீன் கூட்டமே மங்கிப் போற அளவுக்குப் பளபளக்கும். மேடைலன்னா, ஹால்ல இருக்கற அத்தனை பேரும் பாப்பாங்க."

"அப்பச் சரி. நல்லாப் பெருசாவே வெடிக்கட்டும்" என்று எழுந்தாள் அமிர்தம். "அந்த ஜிகினா அங்கி பின்னால இழுபடுது, அதை மட்டும் தூக்கித் தைச்சிடறேன்."

போட்டி நாளன்று காலையில் அரங்கு நிறைந்திருந்தது. நிறைந்திருந்தவர்கள் எல்லாரும் நடிப்பவர்களின் வீட்டார்தான். ஒவ்வொரு பள்ளிக்கும் கைதட்ட அந்தந்தப் பள்ளி மட்டும் தயாராக இருந்தது. முருகானந்தம் வீடியோக்காரரை மேடைக்கு நேர் எதிரே முக்காலி போட்டு நிறுத்தி, "வேற யாரையும் எடுக்காதீங்க. ஓரத்துல சிவப்பு விளக்கு வெச்சிருக்கற பையன். அவன் மட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

தேவிகா பக்கத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

வினிதா எழுந்து "என்னைப் பாருங்கள்!" என்றபோது கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா விழித்துக்கொண்டார். அவள் எரிந்தாள், உப்பினாள், துணிமேல் துணியாகச் சுமந்தாள். இரும்புத் துணி விழுந்ததும் ஒரு கணம் அப்படியே நின்றாள். இரும்பை இணைத்தால் ஆற்றல் வராது. இனி உள்ளே தாங்கிப் பிடிக்க எதுவுமில்லை. அந்த ஒரு கணத்தை அவள் முகத்திலேயே காட்டினாள். பிறகு சரிந்தாள். ஜாலராவும் காகிதமும் சேர்ந்து கிளம்பின. அரங்கு ஆர்ப்பரித்தது. அமிர்தம் தன் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கறுப்புத் துணிக்குள் மகள் அசையாமல் கிடப்பதைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு நாடகம் சூரியனோடு நிதானமாக நடந்தது. நவநீதன் விளக்கோடு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் கொஞ்சம்கூடப் பயமில்லை. அவனை யாருமே பார்க்கவில்லை என்பதுதான் காரணம்.

அதுதான் முருகானந்தத்தால் தாங்க முடியாமல் போயிற்று. விஷ்ணுப்ரியா உப்பிச் சிவந்து, மேல்துணிகளை உதிர்த்து, வெள்ளைக் குள்ளனாக ஒடுங்கி, மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தாள். மேடை இருட்டத் தொடங்கியது. தேவிகா எழுதியிருந்தபடி எல்லாம் அணைந்து, அந்தச் சிறிய சிவப்பு விளக்கு மட்டும் மிஞ்ச வேண்டிய இடம். அந்த நேரத்தில் முருகானந்தம் எழுந்து குனிந்தபடியே போய் லைட் போடுகிறவரின் காதில் ஏதோ சொன்னதைத் தேவிகா பார்த்தாள். ஓடிப்போய்த் தடுக்க நடுவில் முழு மேடை இருந்தது.

பளீரென்று நீலமும் வெள்ளையுமாக ஒரு பெரிய ஒளிவட்டம் நவநீதன் மேல் விழுந்தது.

தேவிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். இருபத்தைந்து நிமிஷமாகச் சொன்னதெல்லாம் போயிற்று. நடுவர் வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நவநீதன் கண் கூசி, கையால் மறைத்துக்கொண்டான். ஹாலே தன்னைப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. எழுந்து ஓடிவிடுவான் என்று தேவிகா நினைத்தாள். எழுந்தான், ஓடவில்லை. விளக்கைப் பத்திரமாக மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒளி வருகிற திசையைப் பார்த்துப் பேசினான். குரல் முதலில் நடுங்கியது, பிறகு ஏறியது.

"எனக்கு ஏன் இவ்வளவு வெளிச்சம்? என் நிறை மாறலையே! இப்படி எரிஞ்சா நாடகம் முடியறதுக்குள்ள நான் தீந்துடுவேன். அண்ணே, கொறைங்கண்ணே. நான் சின்ன நட்சத்திரம்!"

பிறகு ஹால் முழுக்கச் சிரிப்பு. எந்தப் பள்ளி என்ற பேதமில்லாத சிரிப்பு. கைதட்டல் அதன் பின்னால் வந்தது. லைட்காரர் முருகானந்தத்தைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தபடி நின்றதால், பையன் சொன்னபடி அணைத்துவிட்டார். நவநீதன் மறுபடி உட்கார்ந்தான். இருட்டில் அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. திரை இறங்கியது.

கண்ணாடி துடைத்த நடுவர் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவர். தேவிகாவைக் கூப்பிட்டு, "அந்த லைட், அந்த வசனம், ரெண்டும் ஸ்கிரிப்ட்ல இருந்ததா?" என்று கேட்டார்.

"இல்ல சார். லைட் தப்பு. வசனம் அவனாப் பேசினது."

"தப்பா இருந்தாலும் சரியாப் புரிஞ்சுக்கிட்டுப் பேசியிருக்கான்" என்று அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

முதல் பரிசு பிளாஸ்டிக் ஒழிப்பு நாடகத்துக்குப் போயிற்று. அதில் பதினாறு ஆமைகள் நடனமாடின. பவழக்கரை வித்யாலயாவுக்கு இரண்டாவது. தெட்சிணாமூர்த்தி கோப்பையைக் கையில் வாங்கி உயரத்தை அளந்து பார்த்தார். அலமாரியின் மேல்தட்டில் நிற்கும் என்று தெரிந்ததும் அறிவியலின் மேல் அவருக்கிருந்த ஆர்வம் நிறைவடைந்தது.

வெளியே வேப்பமர நிழலில் முருகானந்தம் வீடியோக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா சொல்ற? எடுக்கலையா?"

"சார், பையன் அசையவே இல்ல. இருபது நிமிஷமா ஒரே ஷாட். ஒண்ணும் நடக்காதுன்னு ஒரு டீ சாப்பிடப் போனேன். வந்து பாக்கறப்ப எல்லாரும் கைதட்டறாங்க…"

மைத்துனனிடம் கேட்டார். அவன் அப்போது போன் பேசிக்கொண்டிருந்தானாம். சகலை தூங்கிவிட்டாராம். முருகானந்தம் தேவிகாவிடம் வந்தார். கோபமெல்லாம் எங்கோ போயிருந்தது.

"மிஸ், அவன் பேசினான், பாத்தீங்களா? வீட்டுல சாப்பாடு வேணும்னுகூட சத்தமாக் கேக்க மாட்டான் மிஸ். அவங்க அம்மாவுக்கு நான் என்னத்தைக் காட்டுவேன்?"

"எங்கிட்ட இருக்கு சார்" என்றாள் பக்கத்தில் நின்ற அமிர்தம். "ஆனா நான் எம்மவளைத்தான் எடுத்தேன்."

போனை வாங்கிப் பார்த்தார்கள். திரையில் கறுப்புத் துணி மட்டும் தெரிந்தது. கருந்துளையாக வினிதா அசையாமல் கிடந்தாள். திடீரென்று படத்தின் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம். அப்புறம் எங்கிருந்தோ நவநீதனின் குரல், நடுங்கி, பிறகு தெளிந்து, கணீரென்று.

முருகானந்தம் போனைக் காதோடு வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேனில் ஏறிவிட்ட பிள்ளைகள் மிஸ், மிஸ் என்று கூப்பிட்டார்கள்.

"என் நம்பருக்கு வாட்ஸப்புல அனுப்பி விடுங்கம்மா" என்றார் அமிர்தத்திடம்.

"முழுசாவே அனுப்பறேன் சார். எம்மவ வெடிக்கறதுல இருந்து பாருங்க" என்றாள் அமிர்தம். "அதையும் வீட்டுல காட்டுங்க."